எண்ணெய் எந்த வழியாகப் போகிறது?

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டி போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் ஏதாவது ஒரு வளைவில் மண் சரிந்துவிடும். அதை அள்ளித் தள்ளுவதற்கும், மேலே ஏலத்தோட்டங்களுக்குள் பாதை வெட்டுவதற்கும், கோடைத் தண்ணீருக்குக் குளம் தோண்டுவதற்கும் லோடர் வண்டிகள்தான் வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியின் முன்கை, தூக்கிய உயரத்தில் நிற்காமல் தானாக இறங்க ஆரம்பித்தால் பக்கத்தில் வேலை செய்யும் ஆட்களுக்கு ஆபத்து. அப்படி இறங்கிய ஒரு வண்டியைப் பார்க்கத்தான் ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன்.

"ரெண்டு சிலிண்டருக்கும் சீல் கிட் மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலண்ணே. லோடு ஏத்தித் தூக்குனா மறுபடி இறங்குது" என்றார் ஆபரேட்டர். இளைஞர். மலையில்தான் அவருக்கு வேலை.

மெக்கானிக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. வண்டியை அரை மணி நேரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கச் சொன்னார். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், சின்ன இடுக்குகளில் எளிதில் நுழையாது. காலையில் மெட்டின் பனிக்குள் அசையாமல் நிற்கும் முன்கை, மதியம் போடியின் வெயிலில் இறங்குவதற்கு அதுதான் காரணம். எண்ணெய் சூடானதும் பக்கெட்டில் கல்லை நிரப்பி, கையைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்தினார்கள். சிலிண்டரின் வாயை ஒட்டி ராடின் மேல் ஒரு சாக்பீஸ் கோடு. ஆறு நிமிடத்தில் அந்தக் கோடு உள்ளே போய்விட்டது. கோடு போட்டபோது எடுத்த அளவோடு ஒப்பிட்டால், ராடு 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. ராடு ஈரமாகவில்லை, ஹோஸ் இணைப்புகளும் காய்ந்தே இருந்தன. அப்படியானால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே இடம் மாறுகிறது.

இந்த நிலையில் பெரும்பாலோர் சொல்லும் பதில், பிஸ்டன் சீல் தேய்ந்துவிட்டது என்பது. அது முழுப் பதிலாகாது. இந்த வண்டியின் சிலிண்டர் 8 சென்டிமீட்டர் விட்டம், ராடு 5 சென்டிமீட்டர். பிஸ்டனுக்குக் கீழே பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். மேலே ராடு அடைத்துக்கொண்டது போக மிஞ்சுவது 30 சொச்சம்தான். ராடு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கீழிருந்து 50 மில்லி எண்ணெய் வெளியேற வேண்டும். சீல் வழியாக அது மேலே போனாலும் அங்கே இடம் 30 மில்லிக்குத்தான். மீதி 20 மில்லி சிலிண்டரை விட்டே போயாக வேண்டும். இரண்டு ஹோஸும் கெட்டியாக அடைபட்டிருந்தால், பிஸ்டனில் சீலே இல்லாவிட்டாலும் ராடு கொஞ்சம் அமுங்கி நின்றுவிடும். சுமை ராடை வெளியே இழுக்கும் அமைப்பில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சீல் மட்டும் போனாலே கை இறங்கும். சுமை ராடை உள்ளே தள்ளும் இந்த முன்கையில், வால்வு பிளாக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் இறக்கம் தொடரும்.

எல்லா ஸ்பூல் வால்வும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் செய்யும். உள்ளே நகரும் ஸ்பூல் இரும்போடு இரும்பாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ரப்பர் கிடையாது, மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி உண்டு. சீல் நன்றாக இருக்கும்வரை அந்தக் கசிவு கண்ணில் படாது. சீல் போனதும் அதுவே பெருகுகிறது. ஒரு சிலிண்டர் மேல் 2 டன் சுமை என்று வைத்துக்கொள்வோம். நல்ல சீலோடு கீழ் அறையில் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் இருக்கும். சீல் முழுதும் போய் இரு அறைகளும் ஒன்றாகிவிட்டால் சுமையைத் தாங்குவது ராடின் 20 சதுர சென்டிமீட்டர் மட்டும். அழுத்தம் 100 கிலோவாக ஏறுகிறது. முன்பு ஒரு ஹோஸ் வழியாக மட்டும் கசிந்த எண்ணெய் இரண்டு வழியாகவும் கசிகிறது. 50 மில்லி போனால் இறங்கிய தூரம், இப்போது 20 மில்லி போனாலே இறங்குகிறது. எல்லாம் சேர்ந்தால் பத்து மடங்குக்கும் மேல்.

இரண்டு சிலிண்டரும் ஒரே குழாயில் இணைந்திருப்பதால், ஒன்றில் சீல் போனாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். எது குற்றவாளி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பைபாஸ் சோதனை அதற்குத்தான். பட்டறைப் பேச்சில், "ஆயில் பாஸ் ஆகுதா பாக்கணும்."

கல்லைக் கொட்டிவிட்டு, கையை முழு உயரத்துக்குத் தூக்கி, ராடு முழுக்க நீண்ட நிலையில் பாதுகாப்பு முட்டுக் கட்டையை மாட்டினார்கள். எஞ்சினை நிறுத்தி, லீவரை இருபுறமும் ஆட்டிக் குழாய்களின் அழுத்தத்தை இறக்கினார்கள். பிறகு இடது சிலிண்டரின் ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை மட்டும் மூடியால் அடைத்தார் மெக்கானிக். சிலிண்டரின் துளையைத் திறந்தே விட்டு, ஒரு சின்னக் குழாயை மாட்டிப் பாட்டிலுக்குள் விட்டார். இங்கே தப்பு நடந்தால் ஆபத்து. அந்தத் துளையை யாராவது அடைத்துவிட்டுக் கீழே 200 கிலோ அழுத்தம் கொடுத்தால், பரப்பு வித்தியாசத்தால் மேலறையில் 330 கிலோ வரை எகிறும். கிளாண்டு பிய்த்துக்கொண்டு போகலாம்.

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு லீவரைத் தூக்கும் பக்கம் பிடித்தார் ஆபரேட்டர். ராடு ஏற்கெனவே முழுக்க நீண்டிருப்பதால் பிஸ்டன் நகர இடமில்லை. கீழறையில் அழுத்தம் மட்டும் ஏறுகிறது. அப்போதும் பாட்டிலில் தொடர்ந்து விழும் எண்ணெய் பிஸ்டனைக் கடந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இடதில் முதலில் மிச்ச எண்ணெய் கொஞ்சம் சொட்டி, நின்றது. வலதுக்கு மாற்றிப் போட்டார்கள். அங்கே சொட்டு நூலாகி, நூல் நிற்கவே இல்லை. பாட்டில் நிறைவதற்குள் மெக்கானிக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

பழைய காலத்து இரும்பு வளையம் போட்ட பிஸ்டன் என்றால் கொஞ்சம் சொட்டுவது இயல்பு, அதை வைத்துச் சீல் போய்விட்டது என்று சொல்லக் கூடாது என்றார் அவர். இன்னொரு குறையும் உண்டு. ராடு முழுக்க நீண்ட நிலையில் பிஸ்டன் நிற்கும் இடத்தை மட்டுமே இந்தச் சோதனை காட்டும். சிலிண்டர் நடுவில் தேய்ந்து ஓரங்களில் நன்றாக இருந்தால், நல்லது என்று பொய் சொல்லும். அப்போது வேறு நிலையில் ராடை இறுக்கமாக முட்டுக்கொடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

வலது சிலிண்டரைப் பிரித்தபோது இரண்டு மாத வயதான சீலின் உதடு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. சீல் மேல் குற்றமில்லை. 1795-இல் ஜோசப் பிராமா நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய காலத்தில், அழுத்தம் கூடக்கூடத் தானே சுவரோடு இறுகும் தோல் பட்டையை அவரிடம் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லே அமைத்ததாகச் சொல்வார்கள். இன்றைய சீல் உதடும் அப்படித்தான் இறுகுகிறது. ஆகவே சுவரில் கீறல் இருந்தால், எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு அறுபடும். மெக்கானிக் விரல் நகத்தைச் சிலிண்டரின் உட்சுவரில் ஓட்டினார். மெல்லிய கோடுகள் தட்டுப்பட்டன. நகம் மாட்டி நிற்கவில்லை. முன்பு சீல் மாற்றியவர்கள் இதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. நகம் மாட்டியிருந்தால் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும். இதை ஹோனிங் போட்டுத் தேய்த்தாலே போதும்.

புதுச் சீலோடு மறுபடி கல்லேற்றி, எண்ணெய் சூடாகக் கோடு போட்டுப் பார்த்தபோது, 10 நிமிடத்தில் இறக்கம் அரை சென்டிமீட்டர். "இதுவும் நிக்காதாண்ணே?" என்று ஆபரேட்டர் கேட்டார். அது ஸ்பூலின் பங்கு, வால்வு பிளாக்கை மாற்றும் அளவுக்கு இல்லை என்றார் மெக்கானிக். சாயங்காலம் மேலே போய் வேலை முடித்துச் சூட்டோடு கையைத் தூக்கி நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். ராத்திரி மலைக்குளிரில் எண்ணெய் 30 டிகிரி ஆறினால், 60 சென்டிமீட்டர் எண்ணெய்த் தூண் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கும். அதைக் காலையில் பார்த்துவிட்டுச் சீல் மறுபடி போய்விட்டது என்று யாரும் சிலிண்டரைப் பிரிக்க வேண்டாம். பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டே வண்டியை விட்டு இறங்கு தம்பி என்றார்.