'ஓவரால்' வந்த வினை!

என் சர்வீஸில் நான் வாங்கிய ஒரே மெமோவுக்குக் காரணம் கையாடல் இல்லை. லேட் அட்டெண்டன்ஸ் இல்லை. மேனேஜரை எதிர்த்துப் பேசினதுகூட இல்லை. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை!

1994 ஏப்ரல். சென்னை மெட்ராஸாகவும், மும்பை பம்பாயாகவும் இருந்த காலம். ஒரு கம்பெனியின் மெட்ராஸ் கிளையில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்காக இருந்தேன். வயசு 26. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம். ஊரில் அம்மா பெண் பார்க்க ஆரம்பித்தாயிற்று.

மார்ச் மாத வவுச்சர்கள் மொத்தம் 412. இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பில்லோடு ஒப்பிட்டு, பச்சை இங்க்கில் டிக் அடித்து முடித்தேன். மேனேஜர் லீவு. பம்பாய் ஹெட் ஆபீஸுக்குக் கவரிங் லெட்டரை நானே எழுத வேண்டியதாயிற்று. செய்த வேலையைக் கொஞ்சம் சொல்லிக்கொண்டால் என்ன தப்பு? 'ஐ ஹாவ் பர்சனலி ஓவர்லுக்டு ஆல் தி வவுச்சர்ஸ்' என்று எழுதினேன்.

என் கணக்கு ரொம்ப எளிமை. ஓவர் என்றால் மேல். லுக் என்றால் பார்வை. இரண்டையும் சேர்த்தால் மேற்பார்வை! தமிழில் சரியாக வருகிறதே!

எட்டாம் நாள் மெமோ வந்தது. 'எல்லா வவுச்சர்களையும் கவனிக்காமல் விட்டதாக நீங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வேலையை ஏன் நிரந்தரமாக்க வேண்டும் என்று மூன்று நாளைக்குள் விளக்கவும்.'

எனக்குத் தலை சுற்றியது. அவசரமாகப் பதில் எழுதினேன். எல்லாம் என் நேரடிக் கண்காணிப்பில்தான் நடந்தது என்று சொல்வதாக நினைத்து, 'திஸ் வாஸ் ட்யூ டு மை ஓவர்சைட்' என்று முடித்தேன். டைப் அடிக்கக் கொடுப்பதற்குள், ரிட்டயர் ஆக ஒரு வருஷமே பாக்கியிருந்த ஹெட்கிளார்க் அதை வாங்கிப் படித்தார்.

"தம்பி, திருடினவன்கூட இவ்வளவு சுத்தமா ஒப்புக்க மாட்டான்யா!" என்றார். "முதல் லெட்டர்ல 'கவனிக்காம விட்டேன்'னே. இதுல 'அது என் கவனக்குறைவாலதான்'கிறே!"

என் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போனார். எங்கள் ஆபீஸ் இரண்டாவது மாடி.

"என்ன தெரியுது?"

"எதிர்ல டீக்கடை, பக்கத்துல மைதானம், ஸார்."

"உன் சைக்கிள் எங்கே?"

தெரியவில்லை. உடம்பை வளைத்து எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி நின்றது.

"இந்த ஜன்னல் அந்த மைதானத்தை ஓவர்லுக் பண்ணுது. அதாவது உசரத்துலேர்ந்து பார்த்தா அது தெரியுது. நீ உன் சைக்கிளை ஓவர்லுக் பண்ணிட்டே. அதாவது உன் பார்வை அதுக்கு மேலாலே தாண்டிப் போயிடுச்சு. ஓவர்னா மேலேன்னும் உண்டு, தாண்டின்னும் உண்டு. ஜன்னலுக்கு முதல் அர்த்தம். வவுச்சருக்கு ரெண்டாவதுதான்."

ஆபீஸ் டிக்ஷனரியைப் புரட்டினேன். 'மேற்பார்வையிடு' என்ற அர்த்தமும் ஓவர்லுக்கில் ஓர் ஓரமாக இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆபீஸ் கடிதத்தில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வேலையை ஓவர்சீ என்ற வார்த்தை பார்த்துக்கொள்கிறது. ஓவர்சைட்டோ இன்றைக்கும் இரட்டை வேஷக்காரன்! ஒரு கமிட்டிக்கு ஓவர்சைட் இருக்கிறது என்றால் கண்காணிக்கும் அதிகாரம். முன்னால் 'ஆன்' வந்து 'ஆன் ஓவர்சைட்' ஆகிவிட்டாலோ, 'ட்யூ டு' வந்துவிட்டாலோ, பெரும்பாலும் கவனக்குறைவுதான்.

"அப்போ சரிபார்த்தேன்னு எப்படி ஸார் எழுதறது?"

"செக்டுன்னு எழுதினா போதும். இல்லே, ஓவரைத் தூக்கிப் பின்னாலே போடு. லுக்டு ஓவர்னா பார்வையிட்டேன். ஓவர்லுக்டுன்னா கோட்டை விட்டேன். அதே ரெண்டு வார்த்தை. வரிசை மாறினா அர்த்தம் தலைகீழ்!"

அன்றிலிருந்து இந்த வரிசை விஷயத்தை நான் விடாமல் கவனிக்கிறேன். பஸ் லாரியை ஓவர்டேக் செய்தால் முந்துகிறது. புது மேனேஜர் டேக் ஓவர் செய்தால் பொறுப்பை ஏற்கிறார். நோயாளி ஆபரேஷனை அண்டர்கோ செய்தால் ஆபரேஷன் நடக்கிறது. கம்பெனி கோ அண்டர் ஆனால் திவாலாகிவிட்டது என்று அர்த்தம். சிநேகிதர்களே, முன்னால் ஒட்டின வார்த்தையை இரண்டாக உடைத்து அர்த்தம் பார்க்காதீர்கள். முழுசாக ஒரே வார்த்தையாக டிக்ஷனரியில் பாருங்கள். எனக்குக் கிடைத்த பாடம் அதுதான்.

அண்டர்டேக்கில் இன்னொரு வேடிக்கை. பிரித்தால் 'கீழே எடு'. நிஜ அர்த்தம், ஒரு வேலையை மேற்கொள்வது! நமக்கு 'மேல்', அவர்களுக்குக் 'கீழ்'! ஹெட்கிளார்க் ஞாபகத்துக்கு ஒரு படம் சொன்னார்: "நாம மூட்டையைத் தோள் மேலே ஏத்திக்கிறோம். அவன் மூட்டைக்கு அடியில தோளைக் கொடுக்கறான். சுமக்கறது ரெண்டு பேரும்தான்."

கடிதத்தில் 'ஐ அண்டர்டேக் டு பே' என்று எழுதினால், கொடுக்க முயற்சி செய்கிறேன் என்று அர்த்தமில்லை. கொடுப்பதாக உறுதிமொழி. கையெழுத்துப் போடுமுன் இரண்டு தரம் யோசியுங்கள். அப்புறம், வேலையை எடுத்துச் செய்கிறவன் என்ற பெருமையில் உங்களை அண்டர்டேக்கர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் எந்தக் காரியத்தை ஏற்றவனுக்கும் அந்தப் பெயர் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சவ அடக்க ஏற்பாடு செய்கிறவரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் முதலில் அவர்தான் ஞாபகத்துக்கு வருவார்!

கடைசியில் ஹெட்கிளார்க் சொல்லச் சொல்லப் பதில் எழுதினேன். 412 வவுச்சர்களையும் பில்லோடு சரிபார்த்தேன்; ஓவர்லுக்டு என்ற வார்த்தை தவறாக வந்துவிட்டது; பச்சை டிக் உள்ள பக்கங்களின் ஜெராக்ஸ் இத்துடன். அந்த டிக்குகள்தான் என்னைக் காப்பாற்றின. எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனாலும் வேலை நிரந்தரமாகும் உத்தரவு மூன்று மாதம் தள்ளித்தான் வந்தது. பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

வேறு பெண், வேறு கல்யாணம். மகன் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். ஒரு ஜூன் மாதம் போன வருஷத்து யூனிஃபார்ம் பேண்ட் அவன் கணுக்காலுக்கு மேலே நின்றது. "ஐயையோ, பேண்ட் சின்னதாயிடுச்சே!" என்றாள் என் மனைவி.

நாம் அப்படித்தான் பேண்ட் மேல் பழி போடுவோம். இங்கிலீஷ்காரன் பையனை எழுவாயாக வைத்து, 'ஹி ஹாஸ் அவுட்குரோன் ஹிஸ் பேண்ட்ஸ்' என்பான். வெறும் குரோவுக்குப் பின்னால் பேண்ட்டை இப்படி வைக்க முடியாது. அவுட் ஒட்டியதும் அந்த வினைக்கு ஓர் எதிராளி கிடைத்துவிடுகிறான்: எதைத் தாண்டி வளர்ந்தாய்? அவுட்ரன், அவுட்லிவ் எல்லாம் இதே ஜாதி. ஒருவரை ஓட்டத்தில் முந்துவது, ஒருவருக்குப் பின்னும் உயிரோடிருப்பது. துணிக்கு மட்டுமில்லை, பழக்கத்துக்கும் பயத்துக்கும்கூட அவுட்குரோ பொருந்தும்.

பையன் எத்தனையோ பேண்ட்டுகளை அவுட்குரோ செய்து, இப்போது வேலைக்கே போகிறான். நான்தான் அந்த மெமோவை இன்னும் அவுட்குரோ செய்யவில்லை. இன்றைக்கும் ஓவர் என்று எழுத ஆரம்பித்தாலே கை டிக்ஷனரியைத் தேடுகிறது!