குவளை போச்சு, கப் வந்தாச்சு

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் டீக்கடைகளைக் கணக்கெடுக்கப் போனோம். படிவத்தில் இருந்த கேள்வி: "இங்கே இரட்டைக் குவளை முறை உண்டா?" நான்கு கடைகளிலும் "இல்லை" என்றார்கள். நாங்களும் அப்படியே குறித்துக்கொண்டோம்.

அன்று மாலை சேரியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சிரித்தார். "ரெண்டு குவளை இப்ப எங்கப்பா இருக்கு? எங்களுக்குத்தான் பேப்பர் கப் வந்துருச்சே!" கடைக்காரர்கள் வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான் சொல்லியிருந்தார்கள். எங்கள் கேள்விதான் பழசாகிப் போயிருந்தது.

எண்ணிக்கையை மதிப்பிடும்போது எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. கேட்ட கேள்வி நாம் அளக்க நினைத்ததை அளக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் போனது. வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறீர்களா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதிக்காரர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா என்று அடுத்து கேட்டார்கள். இரண்டையும் சேர்த்தபோதுதான் ஏறக்குறைய 27 சதவீதம் என்ற கணக்கு வந்தது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் அது குறைந்திருக்கும். அந்த 27கூட, தாங்களே ஒப்புக்கொண்டவர்களின் கணக்குதான்.

அதற்காகப் பெரியவர் சொன்னதை மட்டும் வைத்து நாங்கள் அறிக்கை எழுதிவிட முடியாது. வாய்மொழிச் சாட்சிக்கும் சோதனை உண்டு. பேப்பர் கப் என்ற பேச்சை நாங்கள் எடுக்காமலே, வேறு தெருவில், வேறு வயதில் இருப்பவர்களும் அதைச் சொல்கிறார்களா? சொல்லும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? நாங்கள் நினைப்பதற்கு மாறான உதாரணம் இருக்கிறதா? மறுநாள் காலை கடை திறந்ததிலிருந்து உட்கார்ந்து பார்த்தோம். மூன்று கடைகளில் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நம் மக்களுக்குக் கேட்காமலே பேப்பர் கப். நான்காவது கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப்தான். அந்தக் கடையைக் குற்றப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்திருந்தால் மற்ற மூன்றையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்த அறிக்கையை ஓர் அலுவலகத்தில் கொடுத்தபோது, "இது அனுபவம்தானே, டேட்டா எங்கே?" என்றார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. மூன்று கடையை வைத்து மாவட்டத்தில் எத்தனை கடை என்று சொல்ல முடியாது. ஆனால் தீண்டாமை இப்போது என்ன வடிவத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியும். எந்த வடிவம் என்று தெரியாமல் மாவட்டம் முழுக்க எண்ணியிருந்தால், எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்றே விழுந்திருக்கும்.

இப்போது எங்கள் படிவத்தில் அந்தப் பழைய கேள்வி இல்லை. கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, யாருக்கு எதில் டீ கொடுத்தார்கள் என்று குறிக்கும் கட்டங்கள்தான் இருக்கின்றன. கடைக்காரரிடம் எதுவும் கேட்பதில்லை. அந்தக் கட்டங்களை எங்களுக்குப் போட்டுத் தந்தது அந்தப் பெரியவரின் சிரிப்புதான்.