"கோவையில் வைத்திருக்கிறோம்" என்றால்

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, டவுனில் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தா. "இப்போது வெற்றிடம் இல்லை, உங்கள் சுயவிபரக்கோவையை வைத்திருக்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்தது.

"சேர், இது மரியாதையாகச் சொன்ன 'இல்லை' தானே?"

பெரும்பாலும் அப்படித்தான். அடுத்த வெற்றிடம் வந்தால் புதிதாக வரும் விண்ணப்பங்களைத்தான் பார்ப்பார்கள். பழைய கோவையைத் தேடி எடுப்பது குறைவு. நாங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அன்றே நன்றி சொல்லி, எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், அடுத்த வெற்றிடத்தை எங்கே அறிவிப்பீர்கள் என்று கேட்கச் சொன்னேன். 6 மாதம், தங்கள் முகநூல் பக்கத்தில் என்று பதில் வந்தது. இனி வாராவாரம் கோல் எடுக்க வேண்டாம், சொல்லப் புதிதாக ஒன்று வரும்வரை பொறு என்றேன்.

இரண்டு மாதத்தில் ஏ.ஏ.டி. இரண்டாம் நிலைப் பெறுபேறு வந்தது. பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதினா: "மார்ச் மாதம் கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். இப்போது இரண்டாம் நிலை சித்தியடைந்துள்ளேன். புதிய சுயவிபரக்கோவை இணைத்துள்ளேன்." முந்திய கடிதம் கீழேயே இருந்ததால் ஆள் யாரென்று அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் மாதம் அந்தப் பக்கத்தில் வெற்றிடம் அறிவித்தார்கள். இவவுக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. கோவையில் இருக்குத்தானே என்று இருந்துவிடாமல், முந்தியதையும் குறிப்பிட்டு மறுபடி விண்ணப்பித்தா.

நாளை மறுநாள் நேர்முகப் பரீட்சை. துஆ செய்யுங்கள்.