திரும்பி வரும் நேரம்

புதிய மென்பொருளுக்கு மாறும் வார இறுதித் திட்டத்தை நான் கடைசியிலிருந்துதான் எழுதத் தொடங்குவேன். திங்கள் காலை 9 மணிக்கு முதல் பில் போட்டாக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவேன்.

உதிரிபாக மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு, ஒரு நவம்பர் கடைசியில் அப்படித்தான் போட்டோம். பழைய சிஸ்டத்துக்குத் திரும்ப ஒத்திகையில் 7 மணி நேரம் பிடித்தது. பேக்கப்பை மீட்க அதில் பாதிகூட ஆகவில்லை. கிளைகளின் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், வங்கிக்குப் போகும் கோப்பு எல்லாவற்றையும் பழைய பக்கம் திருப்பி, ஒரு பில் போட்டுப் பார்ப்பதற்குத்தான் மீதி நேரம் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று 3 மணி நேரம் சேர்த்தோம். ஆக, மேலே போவதா, திரும்புவதா என்பது ஞாயிறு இரவு 11 மணிக்குள் முடிவாக வேண்டும். முடிவெடுப்பவர் பெயரையும் திட்டத்தில் எழுதினோம். தூக்கமில்லாத பத்துப் பேரிடம் கேட்டால், "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமே" என்றுதான் சொல்வார்கள்.

வெள்ளி மாலை பதிவுகளை நிறுத்தினோம். சனிக்கிழமை வாடிக்கையாளர் நிலுவை புதிய சிஸ்டத்தில் ஏறியது. பில்களின் எண்ணிக்கை சரி. மொத்தத் தொகை பைசா பிசகவில்லை. ஆனால் நிலுவையை 30, 60, 90 நாள் என்று பிரித்து ஒப்பிட்டபோது உதைத்தது. 90 நாளைத் தாண்டிய பாக்கி திடீரென்று பெருத்திருந்தது. "இந்தக் கடைக்காரர் 45 நாளைத் தாண்டினதே இல்லையே சார்" என்றார் கணக்குப் பிரிவு அம்மா. அந்தக் கடைக்காரரின் நவம்பர் 5 பில், மே 11 ஆகியிருந்தது. இன்னொருவரின் அக்டோபர் 12 பில், இன்னும் வராத டிசம்பர் 10-இல் நின்றது. 13-ஆம் தேதி முதலான பில்கள் தப்பின. 13-ஆவது மாதம் கிடையாதே. ஒத்திகைக்குப் பயன்படுத்தாத ஒரு கணினியிலிருந்து கோப்பை எடுத்திருந்தார்கள். அதில் தேதி அமெரிக்க முறையில் இருந்தது.

நிலுவையை மட்டும் அழித்துவிட்டு, தேதியை `YYYY-MM-DD` வடிவில் எடுத்து மறுபடி ஏற்றினோம். 4 மணி நேரம் போனது, கெடுவுக்குள் அடங்கியது. சோதனைத் தாளில் கணக்குப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். அந்தக் கடைக்காரரை அவர்களுக்குத்தான் தெரியும்.

திங்கள் முதல் பில் போனபின் கதையே வேறு. இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனம் என்றால் ஐஆர்என் உருவாகிவிடும். அதற்கான தளத்தில் 24 மணி நேரத்துக்குள்தான் அதை ரத்து செய்யலாம். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. சரக்கு அதற்குள் லாரியில் ஏறியிருக்கும். அன்று மதியம் பழையதற்குத் திரும்பினால் காலையில் போட்ட பில், ரசீது, இருப்பு அத்தனையையும் கையால் ஏற்ற வேண்டிவரும்.

அடுத்த மாற்றத்துக்குத் திட்டம் போடுபவர்கள், திரும்பி வருவதையும் ஒருமுறை முழுதாக ஒத்திகை பார்த்து, ஆகும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த எண் கையில் இல்லாமல் வெள்ளிக்கிழமை பதிவுகளை நிறுத்தாதீர்கள்.