ஒரு வருஷம் முடித்தவருக்கு என்ன கொடுப்பது?



போன வாரம் நாங்கள் ஒரு சின்ன அன்பளிப்பு கொடுத்தோம். "நீங்க என்ன சேர் கொடுத்தீங்க? எங்க வீட்டிலயும் ஒருத்தர் விட்டிருக்காரு" என்று ரெண்டு மூன்று பேர் கேட்டதால்தான் இந்தப் பதிவு. அவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறோம். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆறு பேர் நாங்கள். எங்களைத் தினமும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிற அண்ணன் லயத்தில்தான் இருக்கிறார். 2024 தீபாவளி ஒக்டோபர் 31ஆம் திகதி வந்தது. அடுத்த நாள், நவம்பர் 1ஆம் திகதி, சாராயம், சிகரெட் ரெண்டையும் ஒன்றாக விட்டார். அதுவும் வீட்டில் இருந்துகொண்டு அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போய். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் மூன்று நான்கு நாளில் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். விட நினைக்கிறவர்கள் இதை முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் நெருங்கியபோது எங்களுக்கு முதலில் வந்த யோசனை, காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் பொன்னாடை போர்த்துவது. அவருடைய மகள் எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறாள். அக்காவிடம், அதாவது அவர் மனைவியிடம், சொன்னோம். அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், அவர் குடிச்சத மறந்த பிள்ளைகளுக்கும் நீங்க ஞாபகப்படுத்துவீங்க. நாளைக்கு என் மகளைத்தான் கேட்பாங்க" என்றா. எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. மேடையில் கொடுக்கும் மரியாதையில் "இவர் முன்னால் குடிகாரர்" என்ற அறிவிப்பும் சேர்ந்தே போகிறது. இன்னொரு கெடுதியும் இருக்கிறது. அப்புறம் ஒருநாள் தவறினால், ஊருக்கே பதில் சொல்ல வேண்டும் என்று பயந்து மறைப்பார். மறைக்கத் தொடங்கினால் உதவி கேட்க மாட்டார்.

அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் புனித தோமா ஆஸ்பத்திரியில் சிஸ்டர் இக்னேஷியா என்று ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். குடியை விட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்னப் பதக்கம் கொடுப்பார். "திரும்பக் குடிக்கப் போகிறாய் என்றால், அதற்கு முதல் இதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிடு" என்பார். குடியை விட்டவர்களின் சங்கமான ஏ.ஏ. இன்று வருஷம் முடித்தவர்களுக்குக் காசு மாதிரி ஒரு வில்லை கொடுக்கிறது. ரெண்டும் சுவரில் மாட்டுவதற்கு அல்ல, சட்டைப் பைக்குள் இருப்பதற்கு. எங்களுக்குப் பிடித்தது அதுதான். ஆனால் நிபந்தனை போட எங்களுக்கு உரிமை இல்லை. எங்களில் மூன்று பேர் முஸ்லிம்கள், வாழ்க்கையில் தொட்டதே இல்லை. தொடாதவன் விட்டவனுக்குப் புத்தி சொன்னால் எப்படி இருக்கும்? நாலாம் மாசம் ஒருநாள் எங்களில் ஒருவர் உபதேசம் தொடங்க, அண்ணன் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, "சேர், உங்களுக்கு அது பசிக்காத சோறு" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகவே கேள்வியை மாற்றினோம். அவருக்கு எந்த நேரம் கஷ்டம்? அக்காதான் சொன்னா: ஸ்டாண்டில் ஹயர் இல்லாமல் காத்திருக்கிற நேரம். மழை, குளிர், பக்கத்து ஆட்டோக்காரர் ஒன்றைப் பற்றவைப்பார், கை சும்மா இருக்கும். அந்த நேரத்துக்குக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டும். அப்படித்தான் முக்கால் லீட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்று என்று முடிவானது. ஆளுக்கு 750 ரூபா போட்டோம். மிச்சக் காசில் நல்ல பி.ஓ.பி.எஃப். தேயிலை ஒரு பக்கெட். சிகரெட்டை விட்டவருக்கு வாசமும் ருசியும் திரும்பி வரும். பிறந்ததிலிருந்து தேயிலைக்குள் இருந்து டஸ்ட் மட்டும் குடித்த மனுசனுக்கு இது புது ருசி.

ஊற்றும் முறை: முதலில் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் ஊற்றி அஞ்சு நிமிஷம் வைத்துக் கொட்டிவிட வேண்டும். முக்கால் லீட்டர் கொதிதண்ணீருக்கு நாலு தேக்கரண்டி தூள், நாலு நிமிஷம், வடிகட்டி ஊற்ற வேண்டும். தூளோடு விட்டால் மத்தியானத்துக்குள் கசந்துவிடும். பால் சேர்க்கக் கூடாது, கெட்டுப்போகும். இஞ்சி தட்டிப் போடலாம்.

எங்களில் ஒருவர் தன் பங்குக்கு ஒரு சின்ன அத்தர் போத்தல் வைத்தார். ஸ்பிரிட் கலந்த சென்ட் அல்ல, எண்ணெயில் செய்தது. இதெல்லாம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரிச் கேக் கொடுக்க நினைத்தோம், கடையில் கேட்டால் பிராண்டி போட்டது என்றார்கள். சில சொக்லேட்டுக்குள்ளும் மது இருக்கும். "அல்கஹோல் இல்லாத பியர்" கொடுப்பவர்களும் உண்டு. அந்த வாசமும் கசப்பும் பழைய ஆசையைக் கிளப்பிவிடலாம். காசாகக் கொடுப்பதையும் தவிர்த்தோம்.

ஆனால் பெரிய சோதனை வேறு. 2025இல் தீபாவளி ஒக்டோபர் 20ஆம் திகதியே வந்துவிட்டது. வருஷம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். பண்டிகை முற்பணம் எல்லார் கையிலும் இருக்கும், மச்சான்மார் போத்தலோடு வருவார்கள். "முன்கூட்டியே கொடுத்து உற்சாகப்படுத்துவோமா?" என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றோம். முடியாததை முடிந்ததாகக் கொண்டாடினால், மிச்ச நாள் லேசாகத் தெரியும்.

அதற்குப் பதிலாக அன்று பின்னேரம் நாலு மணிக்கு ஆறு பேரும் குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். முறுக்கும் அதிரசமும் சாப்பிட்டோம், பிள்ளைகள் கேரம் விளையாடினார்கள். மச்சான் வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன், "சேர்மார் வந்திருக்காங்க, இன்னைக்கு இங்க வேணாம்டா" என்றார். அவ்வளவுதான், அவர் போய்விட்டார். "நான் குடிக்க மாட்டேன்" என்று அண்ணன் சொல்ல வேண்டியே வரவில்லை. ஒன்பது மணிக்குத்தான் எழும்பினோம். நாங்கள் குடிக்காதவர்கள் என்பது அவருக்கு உபயோகப்பட்டது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம்.

நவம்பர் 1ஆம் திகதி சனிக்கிழமை, அவர் வீட்டுக்குள், படம் எடுக்காமல் கொடுத்தோம். சீட்டில் "இனியும் குடிக்காதீர்கள்" என்று எழுதவில்லை. "ஒரு நாளும் எங்களைப் பிந்த விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததுக்கு நன்றி. ஒரு வருஷம்!" என்று மட்டும் எழுதினோம். வாசித்துவிட்டு மகளிடம் கொடுத்தார். அவள் அதைச் சத்தமாக வாசித்தாள்.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சேர், நாளைக்கு நான் தவறிட்டா இதத் திருப்பிக் கேட்பீங்களா?"

"இல்ல அண்ணே. அன்னைக்கும் டீ ஊத்திக் குடிங்க, எங்களுக்கு ஒரு கோல் எடுங்க" என்றோம்.

திங்கட்கிழமை காலையில் ஆட்டோவில் ஏறினால், ஹேண்டிலுக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க் தொங்குகிறது. மூடியில் எங்களுக்கும் ஒரு வாய் ஊற்றித் தந்தார். இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு.