n = 1 என்னும் ஒரு வரி

ஸ்ரீராம் அபயங்கர் 1976-இல் புனேயில் நிறுவிய பாஸ்கராச்சார்ய பிரதிஷ்டானம், கணித ஒலிம்பியாடுக்கு மாணவர்களைப் பயிற்றுவிக்கும் இடங்களுள் ஒன்று. அத்தகைய மாணவர்கள் தொகுத்தறிதல் முறையைப் பெரும்பாலும் ஒரு பழைய கூற்றின் வழியே கற்கின்றனர்: முதல் n ஒற்றை எண்களின் கூடுதல் n². 1575-இல் அச்சான பிரான்செஸ்கோ மௌரோலிக்கோவின் எண்கணித நூலிலும் இக்கூற்று ஒரு வர்க்கத்திலிருந்து அடுத்த வர்க்கத்திற்குச் சென்றே நிறுவப்படுகிறது.

அடுத்ததற்குச் செல்லும் படி எளியது. முதல் k ஒற்றை எண்களின் கூடுதல் k² எனக் கொள்வோம். அடுத்த ஒற்றை எண் 2k + 1. அதனைச் சேர்த்தால் k² + 2k + 1, அதாவது (k + 1)² கிடைக்கிறது. இதனோடு நிறுவல் முடிந்ததெனக் கருதும் மாணவர், n = 1 என்னும் தொடக்க வரியைச் சடங்கென்று எண்ணி விட்டுவிடுவதுண்டு.

கூடுதல் n² + 7 என்று ஒருவர் பிழையாகக் கூறுவதாகக் கொள்வோம். k² + 7 உடன் 2k + 1 சேர்ந்தால் (k + 1)² + 7. படி பழுதின்றி நடக்கிறது, கூற்றோ பொய். ஏனெனில், கூடுதலுக்கும் n²-க்கும் உள்ள வேறுபாடு மாறாது என்பதை மட்டுமே அப்படி காட்டுகிறது. அவ்வேறுபாடு சுழியம் என்பதை 1 = 1² என்னும் வரியே சொல்கிறது; முதல் ஒற்றை எண் 1, 8 அன்று.

எழுதிய நிறுவலில் n²-க்குப் பதிலாக n² + 7 இட்டுப் பார்க்கலாம். எந்த வரியும் உடையாவிட்டால், நிறுவல் இன்னும் முடியவில்லை.