ஒரே ஹெடருக்குள் இரண்டு பைட் வரிசை

வரைபட வேலை செய்கிறவர்களுக்கு .shp கோப்பு நன்றாகப் பழக்கம். தாலுகா எல்லையோ கிணறுகள் இருக்கும் இடமோ, எதைக் கேட்டாலும் பெரும்பாலும் ஷேப்ஃபைலாகத்தான் வந்து சேரும். அதன் உள்ளமைப்பை விவரித்து எஸ்ரி நிறுவனம் 1998-இல் ஓர் ஆவணம் வெளியிட்டது. பைனரிக் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கொடுப்பது அந்த ஆவணத்தையும் ஒரு சிறிய ஷேப்ஃபைலையும்தான். அதன் 100 பைட் ஹெடருக்குள்ளேயே இரண்டு பைட் வரிசைகளும் இருக்கின்றன.

முதல் நான்கு பைட்டில் இருக்கும் எண் 9994. இது ஷேப்ஃபைல்தான் என்று காட்டும் அடையாளம். பதினாறடிமானத்தில் பார்த்தால் `00 00 27 0a`. மதிப்பு கூடிய பைட் முன்னால் நிற்கிறது. இது பிக் எண்டியன். 28-ஆம் பைட்டில் தொடங்கும் பதிப்பு எண் 1000. அது `e8 03 00 00` என்று இருக்கிறது. இங்கே மதிப்பு குறைந்த பைட் முன்னால். இது லிட்டில் எண்டியன். எந்தப் பக்கத்திலிருந்து கூட்ட வேண்டும் என்பதை இந்தப் பைட்டுகள் சொல்லாது. ரசீதில் 03-04 என்று தேதி இருந்தால் அது மார்ச்சா ஏப்ரலா என்பது எழுதியவரின் வழக்கம் தெரிந்தால்தான் விளங்கும். இதுவும் அப்படித்தான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் `struct.unpack("i", h[:4])` என்று எழுதுவார்கள். முன்னொட்டு எதுவும் இல்லாவிட்டால் பைத்தான் ஓடுகிற கணினியின் வரிசையையே எடுத்துக்கொள்ளும். இன்றைய மடிக்கணினிகளில் அது லிட்டில் எண்டியன். 9994-க்குப் பதில் 170328064 வரும். உடனே எல்லா இடத்திலும் `>` போட்டுவிடுவார்கள். 9994 சரியாகிவிடும், ஆனால் 1000 இருந்த இடத்தில் -402456576 வந்து நிற்கும். இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்த பிறகுதான், வரிசை என்பது கணினிக்கு உரியதல்ல, ஒவ்வொரு புலத்துக்கும் உரியது என்பது மனதில் பதிகிறது.

```python
import struct

with open("wells.shp", "rb") as f:
    h = f.read(100)

code, words = struct.unpack(">i20xi", h[:28])
version, kind = struct.unpack("<2i", h[28:36])
```

`20x` என்பது பயன்படுத்தாத 20 பைட்டுகளைத் தாண்டச் சொல்கிறது. `kind` வடிவ வகை: புள்ளிக்கு 1, கோட்டுக்கு 3, பலகோணத்துக்கு 5.

`words` கோப்பின் நீளம். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது பைட் கணக்கில் இல்லை. இரண்டிரண்டு பைட்டாக எண்ணிய கணக்கு. பத்துக் கிணறுகள் உள்ள புள்ளிக் கோப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட் தலைப்பு, 20 பைட் உள்ளடக்கம், ஆக 28. பத்துக்கு 280, ஹெடரோடு 380. ஹெடரில் 190 என்று இருக்க வேண்டும். வரிசை மாறிப் படித்தால் -1107296256 வரும். அதனால் `words * 2` கோப்பின் உண்மையான அளவோடு பொருந்துகிறதா என்று பார்க்க நான் எப்போதும் சொல்வேன். வரிசைப் பிழையும் பிடிபடும், பாதியில் அறுந்துபோன நகலும் பிடிபடும். சிறிய எண் வர வேண்டிய இடத்தில் கோடிக்கணக்கிலோ எதிர்மறையாகவோ ஏதாவது வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வரிசையைத்தான். பூஜ்யம் மட்டும் எப்படிப் படித்தாலும் பூஜ்யமே. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முன்னொட்டை விடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. புள்ளிப் பதிவின் உள்ளடக்கம் ஒரு முழு எண்ணும் இரண்டு தசம எண்களும். அவை லிட்டில் எண்டியன்தான், கணினியும் லிட்டில் எண்டியன்தான். பிறகு எதற்கு `<` என்று கேட்பார்கள். `struct.calcsize("<i2d")` 20 தருகிறது. `"i2d"` என்று மட்டும் கொடுத்தால் வழக்கமான 64 பிட் கணினியில் 24. தசம எண் 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதற்காக நடுவில் 4 பைட் நிரப்பப்படுகிறது. கோப்பில் அந்த நிரப்பல் கிடையாது. 20 பைட்டைக் கொடுத்தால் 24 வேண்டும் என்று `struct.error` வந்துவிடும், அதுவரை நல்லது. 24 பைட்டாகப் படித்துக் கொடுத்துவிட்டால் பிழைச் செய்தியே வராது; கிணறு மட்டும் வேறெங்கோ போய் உட்காரும்.

ஹெடரைத் தாண்டினாலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு பதிவின் தலைப்பும் `>2i`, உள்ளடக்கம் `<`. ஆவணத்தில் உள்ள அட்டவணையில் ஒவ்வொரு புலத்துக்கும் எதிரே வரிசை என்ன என்று ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியை அப்படியே நிரலுக்குள் கொண்டுவந்து, வரிசை மாறுகிற இடத்தில் `unpack`கையும் பிரித்து எழுதினால், அந்த நிரல் எந்தக் கணினியில் ஓடினாலும் ஒரே எண்ணைத்தான் தரும்.